"மேலே சொன்னதுதான்" என்று எழுதி மாட்டிக்கொண்டது உண்டா?

நீலவானம்
என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். ஒரு துண்டறிக்கை, 500 படிகள் அச்சடிக்க வேண்டும். குழுவில் ஆறு பேர் இருந்தோம். காலை 10.05க்கு ஒருவர் கோப்பை அனுப்பினார். அதில் தொலைபேசி எண் தவறு. நான் திருத்தி, 10.20க்குப் புதிய கோப்பைப் போட்டேன். அதன் கீழேயே "மேலே உள்ளதை அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன். என் திரையில் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது.

ஆனால் கோப்பு பெரியது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எழுத்துச் செய்தி நொடியில் போய்விட்டது. அச்சகத்துக்குப் போகிறவர் கைபேசியில் என் வரிக்கு மேலே இருந்தது 10.05 கோப்பு. புதியது வந்து சேர்ந்தபோது அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். 500 படிகளிலும் தவறான எண். அவர்மேல் குற்றமே இல்லை. நான் "மேலே" என்றேன், அவருக்கு மேலே இருந்தது அதுதான்.

இப்போது இப்படி எழுதுகிறேன்:

```
அச்சுக்குப் போக வேண்டியது arikkai_3.pdf மட்டும்.
அதில் தொலைபேசி எண் 42 என்று முடியும்.
```

கோப்பைத் திறந்ததும் சரிபார்க்க ஓர் அடையாளம் இருக்கட்டும் என்றுதான் அந்த இரண்டாம் வரி.

கதிர்
இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாமே. செய்தியைத் தள்ளினால் மேற்கோளோடு பதில் போகிறது. எதற்குப் பதில் என்று அதிலேயே தெரிந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், பிரச்சினையே வந்ததில்லை.

தாழம்பூ
கதிர், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அம்மாவின் மருந்து பற்றி அக்காவிடம் கேட்டேன். ஒரே செய்தியில் இரண்டு கேள்வி: இரத்த அழுத்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா? சளி மருந்தை நிறுத்திவிடலாமா? அக்கா அதை மேற்கோள் காட்டி "ஆமாம்" என்று மட்டும் எழுதினாள். எதற்கு ஆமாம்? நான் இரண்டுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது முதல் கேள்விக்கு.

இதோடு முடியவில்லை. அன்றிரவு அம்மாவோடு இருந்த தம்பிக்கு அந்தப் பதிலை அனுப்பிவைத்தேன். அவனுக்குப் போனது வெறும் "ஆமாம்", மேற்கோள் கூடவே போகவில்லை. நல்லவேளை, அவன் புரியாமல் போன் செய்தான், அக்காவிடம் கேட்டுச் சரிசெய்தோம். மேற்கோள் வேண்டும்தான், ஆனால் பதில் அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. "இரத்த அழுத்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன். சளி மருந்தை நிறுத்தாதே" என்று எழுதியிருந்தால் எங்கே போனாலும் பொருள் மாறாது.

புதுவரவு
எங்கள் குழுவில் ஒரு நாளைக்கு 200 செய்தி வருகிறது. ஒலியை நிறுத்திவிட்டேன். இதற்கு என்ன வழி?

ஓலைச்சுவடி
அது வேறு தலைவலி ஐயா. ஆனால் உங்களைப் போல இரவில் மொத்தமாகப் படிப்பவர்தான் "மேலே" என்ற சொல்லால் அதிகம் தவிக்கிறார்.

நான் பத்திரம் எழுதும் தொழிலில் பல வருடம் இருந்தவன். எங்களுக்கு "மேற்படி" இல்லாமல் பக்கம் நகராது. பழைய கணக்கேடுகளில் அதற்கென்றே ஒரு குறி உண்டு: ௸. தாளில் அது பிசகாது. ஏனென்றால் மேலே எழுதியது மேலேயே இருக்கும், இரண்டு வரிக்கு நடுவே இன்னொருவர் வந்து எழுத முடியாது. ஓடும் உரையாடலில் அந்த உறுதி இல்லை.

அனுப்பும் முன் நான் ஒன்று செய்வேன். பூட்டிய திரையில் இந்த ஒரு வரி மட்டும் தெரிந்தால் என்ன புரியும் என்று படித்துப் பார்ப்பேன். "அது", "அங்கே", "அதேதான்", "இரண்டாவது" எது வந்தாலும் பெயரை எழுதிவிடுவேன். "நாளை" என்ற சொல்லும் அப்படித்தான். நள்ளிரவுக்குப் பிறகு படிப்பவருக்கு அது வேறு நாள். கிழமையும் தேதியும் போட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு லாபம், மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் அந்தப் பதில் அகப்படும். "மேலே சொன்னதுதான்" என்பதை எந்தச் சொல் போட்டுத் தேடுவீர்கள்?

கதிர்
அனுப்பிவைத்தால் மேற்கோள் விழுந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. சரி. ஆனால் ஒவ்வொரு பதிலிலும் முழுக்கதை எழுதினால் யார் படிப்பார்கள்? ஒருமுறை விவரமாக எழுதினேன், "நான் என்ன குழந்தையா" என்று நண்பர் கோபித்துக்கொண்டார்.

நீலவானம்
முழுக்கதை வேண்டாம். "சரி" என்பதற்குப் பதில் "சரி, வெள்ளி 11 மணிக்கு வருகிறேன்" என்றால் போதும். நாலு சொல்தானே கூடுகிறது.

தாழம்பூ
இரண்டே பேர் பேசும்போது நான் இன்னும் வெறும் "சரி"தான் போடுகிறேன். எதிரில் இருப்பவர் அந்த நொடியே படிக்கிறார் என்றால் ஒன்றும் ஆகவில்லை. அவர் எழுந்து போய்விட்டு மாலையில் திரும்பும் நாளில் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது அப்படி ஆனதுண்டா?