மறு: ‘பொதுமுறை நெரிப்பி’ – வேறு சொல் வேண்டும், திங்களுக்குள்

கயல்விழி:

அன்புள்ள குழுவினருக்கு,

மின்னணுவியல் செய்முறைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கேபிளில் வரும் இரைச்சலைக் குறைக்கும் காமன் மோடு சோக்குக்குப் ‘பொதுமுறை நெரிப்பி’ என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று அந்தச் சொல்லே காலை வாரிவிட்டது.

ஒரு பவர் சப்ளையிலிருந்து 2 ஆம்பியர் இழுக்கும் பலகைக்கு இரண்டு ஒயர் போகிறது. கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல். கவ்வும் ஃபெரைட் வளையத்தை மாட்டிக் குறைக்கச் சொன்னேன். ஒரு மாணவர் குழு சிவப்பு ஒயரில் மட்டும் மாட்டியது, இரைச்சல் அசையவே இல்லை. கேட்டால், “பொதுமுறைன்னா பொதுவான முறைதானே மேடம், எந்த ஒயரில் போட்டால் என்ன?” என்கிறார்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து மாட்டியதும் 6 டெசிபெல் இறங்கியது. பிழை அவர்களுடையதா, என் சொல்லுடையதா?

செந்தில்:

சொல்லே வேண்டாம். ஒரு காலத்தில் டியூப்லைட்டுக்குச் ‘சோக்’ மாட்டாத வீடு இருந்ததா? ‘சோக்’ என்றே போடுங்கள். வேலை முடிந்தது.

மாறன்:

செந்தில் தம்பி எப்போதும் இப்படித்தான். கயல்விழி அம்மா, ‘நெரிப்பி’ கழுத்தை நெரிப்பதை நினைவூட்டுகிறது. இந்தப் பொருள் செய்வது உயர் அதிர்வெண்ணைத் தடுப்பது, தாழ் அதிர்வெண்ணை விடுவது. ஆகவே ‘மேலலைத் தடுப்பி’ போதும்.

ஆனால் என் ஆசை ஃபெரைட் மணியின் மேல்தான். ‘காழ்’ என்ற பழஞ்சொல்லைப் பாருங்கள். மணிவடத்துக்கும் அதுதான் பெயர், மரத்தின் வயிரத்துக்கும் அதுதான் பெயர். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுள்ளதைப் புல் என்றும் அகத்தே காழுள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. பனை அதனால்தான் புல். ஒயருக்கு வெளியே கெட்டியான வளையம் உட்கார்ந்தால் அது ‘புறக்காழ்’ அன்றி வேறென்ன?

செந்தில்:

மாணவன் “ஐயா, பனைமரம் எங்கே?” என்று கேட்பான்.

தாமரை:

மாறன் ஐயா, ‘மேலலைத் தடுப்பி’ பாதிதான் சரி. பலகையில் ஒற்றைத் தடத்தில் பற்றவைக்கும் சின்ன மணிக்குப் பொருந்தும். கேபிளில் மாட்டும் வளையத்துக்குப் பொருந்தாது. யூஎஸ்பி கேபிளில் வளையம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியே விநாடிக்கு 480 மெகாபிட் தரவு போகிறது. உயர் அதிர்வெண்ணைத் தடுப்பதுதான் அதன் வேலை என்றால் தரவு எப்படி உயிரோடு வருகிறது?

தரவு ஒரு கம்பியில் போகும்போது மற்ற கம்பியில் அதே அளவு திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே வளையத்துக்குள் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வளையத்துக்கு அங்கே எதுவும் நடப்பதாகவே தெரியாது. கயல்விழியின் 2 ஆம்பியரும் அப்படித்தான், போவதும் வருவதும் சேர்ந்து சுழியம். இரைச்சலோ இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் போகிறது. அதன் புலங்கள் மட்டும் கூடுகின்றன, வளையம் அதை மட்டும் பிடிக்கிறது.

சிவப்பு ஒயரில் மட்டும் மாட்டியபோது இரண்டு தவறு. 2 ஆம்பியர் ஃபெரைட்டைத் தெவிட்ட வைக்கத் தொடங்கும், காந்தத்தில் அதற்கு மேல் ஏற இடமிருக்காது. அது போக, கறுப்பு ஒயரில் போகும் இரைச்சலைத் தடுக்க ஆளே இல்லை. ஆகவே சொல்லில் இருக்க வேண்டியது அதிர்வெண் அல்ல, ‘சேர்ந்து ஒரே பக்கம் போவது’.

மாறன்:

அப்படியானால் சொல் ஏற்கெனவே இருக்கிறது தாமரை. உடன்போக்கு! தலைவனும் தலைவியும் சேர்ந்து ஒரே பக்கம் போகிறார்கள். தரவு ‘எதிர்ப்போக்கு’. இரைச்சல் ‘உடன்போக்கு’. வளையம், தேடி வந்து மறிக்கிற செவிலித்தாய்.

தாமரை:

சிரித்துவிட்டேன் ஐயா, ஆனால் நன்றாகவே பொருந்துகிறது. உடன்போக்கு மின்னோட்டம் கம்பி வழியே திரும்புவதில்லை. தரை வழியாகவோ, கேபிளுக்கும் சுற்றியுள்ள உலோகத்துக்கும் இடையே உள்ள மின்தேக்கம் வழியாகவோ ஊருக்குத் தெரியாமல் திரும்புகிறது. வளையம் இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் கேபிள் ஆன்டெனா ஆகிறது. ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 மைக்ரோஆம்பியர் உடன்போக்கு ஓடினாலே 3 மீட்டர் தள்ளி மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் புலம் எழும். (இங்கே ‘வளையம்’ என்றது மின்னோட்டம் சுற்றும் பாதையை, ஃபெரைட்டை அல்ல. பார்த்தீர்களா, இதற்கும் சொல் தேவை.)

அன்வர்:

இதில் எனக்கும் ஒரு சொந்தக் கதை. நான் 7 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் ரேடியோ இயக்குகிறேன். பேசினால் வீட்டுக் கணினி ஸ்பீக்கரிலும் என் குரல்தான். ஸ்பீக்கர் ஒயரில் கவ்வு வளையம் ஒன்று மாட்டினேன், பயனில்லை. மூன்று மாட்டினேன், அதுவும் இல்லை. பெரிய வளையம் ஒன்றில் ஏழு சுற்று சுற்றியதும் அடங்கியது. ஆகவே ஒற்றை மணி எல்லாம் ஏமாற்று வேலை. சுருள்தான் உண்மை. பெயரில் ‘சுருள்’ கட்டாயம் வேண்டும்.

தாமரை:

ஏமாற்று இல்லை அன்வர். அந்தக் கவ்வு வளையங்கள் 100 மெகாஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்தவை, 7இல் அவற்றின் மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அவை காட்டும் எதிர்ப்பு, மிகக் குறைவு. மூன்று வளையம் மாட்டினால் மறிப்பு மூன்று மடங்கு. ஒரே வளையத்தில் மூன்று முறை நுழைத்தால் ஒன்பது மடங்கு. உங்கள் ஏழு சுற்று 49 மடங்கு. ஆனால் இந்தக் கணக்கு எல்லா அதிர்வெண்ணுக்கும் பொருந்திவிடாது. சுற்று கூடினால் கம்பிகளுக்கிடையே மின்தேக்கம் கூடும், உயர் அதிர்வெண் அதன் வழியே தாவிவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் ஜெயித்த உங்கள் சுருள் 200இல் ஒற்றை வளையத்திடம் தோற்கலாம்.

கயல்விழியின் 6 டெசிபெல்லுக்கும் காரணம் எளிது. இரைச்சல் போகும் பாதையின் மறிப்பு 150 ஓம், வளையத்தின் மறிப்பும் 150 ஓம் என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் பாதியாகும், அது 6 டெசிபெல். இரண்டு முறை நுழைத்தால் வளையம் 600 ஓம், மின்னோட்டம் ஐந்தில் ஒன்று, 14 டெசிபெல். பாதையே ஆயிரக்கணக்கான ஓம் என்றால் வளையம் போட்டும் ஒன்றும் தெரியாது. “மாட்டினேன், வேலை செய்யவில்லை” என்பவர்களில் பலரின் கதை இதுதான்.

செந்தில்:

எல்லாம் சரி. பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ‘உடன்போக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு முடியும்வரை சிரிப்பு நிற்காது. ‘இணைப்போக்கு’ என்று வையுங்கள்.

கயல்விழி:

இணைச்சுற்று, இணைமின்தடை என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. அதோடு குழம்பும். சிரித்தால் மறக்கமாட்டார்கள், உடன்போக்கையே வைக்கிறேன். ‘சோக்’குக்கு ‘அடைசுருளா’ ‘மறிசுருளா’? இன்றிரவு கோப்பை அனுப்பியாக வேண்டும்.

அன்வர்: மறிசுருள்.

செந்தில்: சோக்.

மாறன்: ‘மறிசுருள்’ ஏற்கிறேன். ஆனால் மணிக்கு ‘புறக்காழ்’ என்பதை விடமாட்டேன்.

தாமரை:

மணிக்கு மறி, தடு, அடை எதுவும் எனக்குச் சம்மதமில்லை. சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஃபெரைட் மணி பெரும்பாலும் மின்தடைபோல நடந்துகொள்கிறது. இரைச்சலைத் திருப்பி அனுப்பாமல் தன்னுள்ளேயே வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது. சுருள் மறிக்கிறது, மணி விழுங்குகிறது. ‘விழுங்குமணி’ என்றால் சரியாக இருக்கும்.

கயல்விழி:

கோப்பை அனுப்பிவிட்டேன். ‘உடன்போக்கு மறிசுருள்’, மணிக்கு இப்போதைக்கு ‘ஃபெரைட் மணி’. இரண்டு ஒயரும் உள்ளே போகும் படத்தையும் சேர்த்திருக்கிறேன். விழுங்குமணி அடுத்த பதிப்புக்கு.

செந்தில்:

கடைக்குப் போய் ‘உடன்போக்கு மறிசுருள் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

மாறன்:

விழுங்குமணி வினைத்தொகை, கவனிக்கவும். விழுங்கும் மணி, விழுங்கிய மணி, விழுங்குகின்ற மணி என்று மூன்று காலத்துக்கும் விரிகிறது, சரிதான். ஆனால் ‘விழுங்கப்படும் மணி’ என்று மருந்தகத்தில் புரிந்துகொண்டால்? காழ் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.