புதுப்பிப்பு: முதல் பிளைண்ட் டேஸ்டிங் முடிந்தது

நான் கேட்டிருந்தது: "பயத்தில் வாய் உலர்ந்துபோனால் ஒயினின் புளிப்பை எப்படிக் கணிப்பது?"

பாட்டிலை உறையால் மறைத்திருந்தார்கள், சுவைத்தே என்ன ஒயின் என்று சொல்ல வேண்டும். பயந்தபடியே நடந்தது. குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கை வியர்த்துக் கோப்பையின் தண்டு வழுக்கியது. இங்கே சொன்னபடி முதலில் தண்ணீர் குடித்தேன். முதல் மிடறை வாயில் சுழற்றித் துப்பிவிட்டேன், அதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டாவதைத் துப்பிய பிறகும் தாடையோரம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் புளிப்பு நன்றாகவே அதிகம். ஓக் பீப்பாயின் வனிலா வாசனை இல்லை. எலுமிச்சை, அப்புறம் லேசாகப் பெட்ரோல். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் என்றேன்.

"பெட்ரோல் வாசனை வந்தால் பழைய ஒயின்தான்" என்றார் பார் பொறுப்பாளர்.

எங்கள் ஒயின் நிபுணரான தலைமை சொமெலியர் ஏற்கவில்லை. "வயதானால் அது கூடும், சரி. ஆனால் திராட்சைக் குலையில் வெயில் நிறையப் பட்டால் இளம் ஒயினிலேயே வரும். நிறத்தைப் பாருங்க."

பச்சை கலந்த வெளிர் மஞ்சள், பொன்னிறத்தின் சாயலே இல்லை. இளம் ஒயின், இனிப்பில்லை, வெயில் நாடு. ஆஸ்திரேலியா, ஈடன் பள்ளத்தாக்கு என்றேன்.

உறையை நீக்கினால் கிளேர் பள்ளத்தாக்கு! தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே உள்ள இரண்டையும் நாக்கால் பிரிக்க முடியும் என்கிறார் தலைமை சொமெலியர். எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அடுத்த வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்க்கிறோம்.