லெக்சரில் இல்லாததை எழுதிய பையனுக்கு எத்தனை மார்க்?

நாகர்கோவில் வாத்தியார்

டோஃபல் இன்டகிரேட்டட் ரைட்டிங் திருத்துகிறவர்களுக்குத்தான் இது. 3 நிமிடம் பாசேஜ், அப்புறம் லெக்சர், 20 நிமிடம் எழுத்து என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்கிய பயிற்சிப் புத்தகங்களைப் பையன்கள் மனப்பாடமே செய்துவிட்டார்கள் என்று நானே ஒரு பாசேஜ் எழுதினேன். கடலரிப்பு. கல் சுவரும், கடலுக்குள் நீட்டிப் போடும் தூண்டில் வளைவும் நல்லது என்று பாசேஜ் மூன்று காரணம் சொல்லும்: அலையைத் தடுத்து வீடுகளைக் காக்கும், மணலைப் பிடித்து வைத்துக் கடற்கரையை வளர்க்கும், ஒரு தடவை போட்டால் பிறகு செலவில்லை. லெக்சர் மூன்றையும் மறுக்கும். சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைக் கிண்டி எடுத்துவிடுவதால் சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரையே போய்விடும். தூண்டில் வளைவு பிடித்து வைப்பது அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல், அதனால் அங்கே அரிப்பு கூடும். அடிமணல் போனால் கல் சரிந்து புதையும், மேலே மேலே கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். முதல் பாயின்டும் மூன்றாவதும் கச்சிதம். இரண்டாவது இடத்தில், கல் போட்ட பிறகு வள்ளம் ஏற்ற இடமில்லை, கரைமடி இழுக்க மணல் இல்லை, வள்ளத்தைப் பக்கத்து ஊரில் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தான். அந்தத் தாளிலேயே நல்ல பத்தி அதுதான். அப்படி ஒரு வாக்கியம்கூட லெக்சரில் கிடையாது.

ஐந்துக்கு நான் 3 போட்டேன். கூட திருத்துகிற மிஸ் 4 போட்டார்கள். தாளைக் கொடுத்தபோது அந்தப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டு பையன் கேட்டான்: "சார், இதுல எது பொய்?" எதுவும் பொய்யில்லை என்றேன். "அப்போ ஏன் சார் கழிச்சிய?" வகுப்பே என்னைப் பார்த்தது. லெக்சரில் இல்லை என்று சொன்னேன். தலையாட்டினான், நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

உங்களுக்கு இப்படி வந்திருக்கிறதா? என்ன போட்டீர்கள்?

தக்கலை டியூஷன்

நானாக இருந்தால் 5. இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, கருத்து இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கடைசியில் இது ரைட்டிங் தேர்வுதானே, லிஸனிங் தேர்வு இல்லையே.

என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு பிள்ளை 300 வார்த்தைக்கு மேல் எழுதியிருந்தாள். 150 முதல் 225 என்று சொல்லியிருக்கும்போது இப்படி எழுதினால் எப்படி? ஒன்று குறைத்தேன். அழுதுவிட்டாள், இன்னும் மனசு கேட்கவில்லை. ஆனால் விதி விதிதான். பாசேஜ் வரிகளை அப்படியே எடுத்து எழுதினால் குறைக்க மாட்டேன், அது கண் முன்னால் கொடுத்ததுதானே.

பார்வதிபுரம் ரேட்டர்

தக்கலை அண்ணன், இது ரைட்டிங் தேர்வு என்பது சரி. மொழி மோசமாக இருந்தால் எல்லாப் பாயின்டும் இருந்தாலும் 5 கிடைக்காது. மற்றதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 150 முதல் 225 என்பது நல்ல பதில் வழக்கமாக இருக்கும் அளவு. அதைத் தாண்டினால் கழிக்கச் சொல்லி எங்கேயும் இல்லை, அந்தப் பிள்ளைக்கு அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். பாசேஜைக் காப்பி அடிப்பதுதான் பெரிய குற்றம். வெறும் பாசேஜ் வாக்கியங்கள் மட்டுமே இருக்கும் தாளுக்கு 0 என்றுதான் அளவுகோலே சொல்கிறது.

நான் பல வருடம் இந்த ஒரு கேள்வியைத்தான் திருத்தினேன். தாளை எடுத்ததும் இங்கிலீஷைப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் ஒரு தாளில் லெக்சரின் மூன்று பாயின்டையும் கீழே கீழே எழுதி வைத்திருப்பேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. லெக்சரர் சொன்ன காரணம் வந்திருக்கிறதா? அது பாசேஜின் எந்தக் காரணத்தை உடைக்கிறது என்று தெரிகிறதா? மொழிக்கு அப்புறம்தான் வருவேன். வரிசையை மாற்றினால் அழகான இங்கிலீஷ் நம்மை ஏமாற்றிவிடும்.

வாத்தியாரின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். "தூண்டில் வளைவு மணலைக் காக்கும் என்பதை லெக்சரர் ஏற்கவில்லை" என்று ஒருவன் எழுதினால் உடைப்பது தெரிகிறது, காரணம் வரவில்லை. பாசேஜை மட்டும் படித்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருந்தவன்கூட இதை எழுதிவிடலாம். "அடுத்த ஊரில் மணல் குறைகிறது" என்று மட்டும் இருந்தால் காரணம் வந்துவிட்டது, எதை உடைக்கிறது என்பது இல்லை. "இங்கே சேரும் மணல் அடுத்த ஊருக்குப் போக வேண்டியது, அதனால் கடற்கரை வளர்கிறது என்ற பேச்சு ஒரு ஊருக்கு மட்டும்தான் பொருந்தும்" என்றால் இரண்டும் இருக்கிறது. இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் இவனுக்குத்தான் நான் மேலே போடுவேன்.

எனக்கு உறுத்துகிற தாளும் இந்த இடத்தில்தான். ஒரு பெண், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. மூன்று பத்தியும் பாசேஜின் காரணத்தில் தொடங்கி, 'இன் அடிஷன்' என்று போட்டு லெக்சரின் காரணத்தைச் சேர்த்திருந்தாள். தகவல் ஒவ்வொன்றும் சரி. ஆனால் படித்து முடித்தால் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ஒரே கட்சியில் நிற்பது மாதிரி இருக்கிறது. அவளுக்கு 2 போட்டேன். இரண்டுக்கும் உள்ள உறவையே தலைகீழாகக் காட்டினால் 2 தாண்டாது, அது மூன்று பத்தியிலும் நடந்திருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா நேரில் வந்து, "ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டார். சிவப்பு மையால் சுழிக்க ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. 'இன் அடிஷன்' மூன்றையும் சுழித்துக் கொடுத்தேன். "இதுக்கா 3 மார்க்கு போச்சு?" என்றார்.

பிள்ளைகள் ஏன் பாசேஜிலேயே சாய்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். லெக்சர் ஓடும்போது பாசேஜ் திரையில் இருக்காது, எழுத ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிடும். லெக்சர் திரும்ப வராது. கண்ணெதிரே இருப்பதைத்தானே கை எழுதும்? 200 வார்த்தையில் 130 பாசேஜுக்குப் போயிருந்தால், லெக்சர் காதில் ஏறவில்லை என்று நான் முடிவு பண்ணிவிடுவேன். என் வகுப்பில் எழுதும்போது பாசேஜ் தாளைத் திருப்பிப் போடச் சொல்வேன். தேவைப்பட்டால் ஒரு தடவை பார்க்கலாம், அவ்வளவுதான்.

வாத்தியாரின் பையனுக்கு வருகிறேன். ஒரு முக்கியப் பாயின்ட் முழுதாக இல்லை என்றால் 3. சின்ன விடுபடல் என்றால்தான் 4, இது சின்னது இல்லை. ஆனால் ஒன்று தெரிய வேண்டும். வள்ளம் பற்றிய பத்தியைத் தன் சொந்தக் கருத்தாக எழுதினானா, லெக்சரர் சொன்னதாக எழுதினானா? தன் கருத்து என்றால் அதை விட்டுவிட்டு மீதியைத் திருத்தலாம். லெக்சரர் வாயில் போட்டிருந்தால், சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருக்கிறான். அப்போது 3 என்பதே இழுபறிதான்.

மார்த்தாண்டம் சேச்சி

எனக்கு இதில் அனுபவம் உண்டு. என் நாத்தனார் மகள் நர்ஸ், ஐஇஎல்டிஎஸ் எழுதினாள். ரைட்டிங்கில் 6.5-க்கு மேல் ஏறவே இல்லை. அவளும் நல்லாத்தான் எழுதுவாள். இரண்டு பக்கத்தையும் சொல்லி, கடைசியில் தன் கருத்தைத் தெளிவாகச் சொல்லணும், சொந்த ஊர் உதாரணம் போடணும் என்று கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் கடற்கரைப் பையன் செய்ததுதானே சரி? நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவனைப் போட்டு வதைக்கிறீர்கள். தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து புது வார்த்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கும் முன் பிபிசி கேட்கட்டும். மொபைலை வாங்கி வையுங்கள். கண்ணுக்கு முருங்கைக்கீரை நல்லது, திரையைப் பார்த்தே பிள்ளைகளுக்குக் கண் போகிறது.

பார்வதிபுரம் ரேட்டர்

சேச்சி, அது வேறு தேர்வு. அங்கே உங்கள் கருத்தைத்தான் கேட்கிறார்கள். இங்கே அதை யாரும் கேட்கவில்லை. முருங்கைக்கீரையை ஒத்துக்கொள்கிறேன்.

குளச்சல் மிஸ்

வாத்தியார் சொன்ன அந்த 4 என்னுடையதுதான், அதனால் வந்தேன்.

ரேட்டர் அண்ணனுக்குப் பதில்: லெக்சரர் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறான், 'தி ப்ரொஃபஸர் ஆட்ஸ்' என்றே தொடங்குகிறது. தெரிந்துதான் 4 போட்டேன். அந்தப் பத்தி கடற்கரை வளரும் என்ற பாசேஜின் காரணத்தைத்தான் உடைக்கிறது, குறி தப்பவில்லை. காரணம் மட்டும் வேறு.

அவன் குறிப்பெடுத்த துண்டுத்தாளும் என்னிடம் இருக்கிறது. அதில் 'சாண்ட்', ஒரு அம்புக்குறி, 'நெக்ஸ்ட் வில்லேஜ்' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறான். காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததைத் தானே அடித்திருக்கிறான். குறிப்புக்கு மார்க் கிடையாது, தெரியும். ஆனால் அவன் ஊரில் தூண்டில் வளைவு இருக்கிறது, ஒரு பக்கமாவது மணல் சேர்கிறது. அரித்துப்போவது பக்கத்து ஊர். உங்களால் எங்கள் கரை போகிறது என்ற பேச்சை அவன் சின்ன வயசிலிருந்து கேட்டிருப்பான். பரீட்சையிலும் அதையே எழுத வேண்டுமா என்று நினைத்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

என் கோபம் வாத்தியார் சார் மேல்தான். நம்ம மாவட்டத்தில் இந்தத் தலைப்பைக் கொடுக்கலாமா? யாருக்கும் முன்கூட்டித் தெரியாத விஷயமாக இருந்தால்தான், காதில் வாங்கியதை மட்டும் எழுதுகிறானா என்று பார்க்க முடியும். ஏதோ ஒரு நாட்டுப் பூச்சி, ஏதோ ஒரு பழைய ஓவியம் என்று கொடுங்கள். மலையோரப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாசேஜ், கடலோரப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பிரச்சினை.

நாகர்கோவில் வாத்தியார்

மிஸ், தெரிந்த தலைப்பில் தெரிந்ததை ஒதுக்கிவைத்துக் கேட்கப் பழகட்டும் என்றுதான் கொடுத்தேன். உண்மையான தேர்விலும் பயாலஜி படித்தவனுக்கு பயாலஜி பாசேஜ் வந்தால் இதே கதைதான். தலைப்பை மாற்ற மாட்டேன். துண்டுத்தாளை எனக்கும் அனுப்புங்கள்.

தக்கலை டியூஷன்

300 வார்த்தை எழுதிய பிள்ளைக்கு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கடற்கரைப் பையனுக்கு 5 என்பதில் மாற்றமில்லை.

இரணியல் மாணவன்

நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். 2026 ஜனவரியில் தேர்வு மாறியதோடு இந்தக் கேள்வியே போய்விட்டதே? இப்போது ரைட்டிங்கில் வாக்கியம் அமைப்பதும் ஈமெயிலும் வகுப்பு விவாதமும்தான். நீங்கள் எல்லாரும் எதற்கு இன்னும் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள்?

பார்வதிபுரம் ரேட்டர்

தம்பி, வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே, புத்தகம் ஒன்று சொல்ல, வகுப்பில் பேராசிரியர் வேறொன்று சொல்வார். நான் நிறுத்தப்போவதில்லை. வாத்தியாரே, துண்டுத்தாள் வந்தால் இங்கேயும் போடுங்கள். 'ஆட்ஸ்' என்று இருந்தால் நான் 2 பக்கம்தான் சாய்கிறேன், மிஸ் கோபித்துக்கொள்ள வேண்டாம்.