ஃபால்ட் கோடு இல்லை, ஆனால் ரெடினஸ் முடியவில்லை: இந்தப் பழைய காரை வாங்கலாமா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் 2016 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்தேன். சாதாரண ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் ஃபால்ட் கோடு ஒன்றுகூட இல்லை. அப்புறம், புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கார் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறந்தேன். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் இரண்டும் "Incomplete". கோடுகளை அழித்தபின் ஓடிய தூரம் 11 கி.மீ. என்று காட்டியது. அழித்தால் இந்தச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும் என்பதால், பழுதை மறைக்க அழித்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"போன வாரந்தான் பேட்டரி மாத்துனோம், அதனாலதான்" என்கிறார் உரிமையாளர். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும், சரி. ஆனால் டெர்மினல் நட்டில் பச்சைப் பூப்பு கெட்டியாகப் படிந்திருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

ஞாயிறன்று பாலக்காடு வரை ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். போய்வரும் தூரத்தில் இரண்டு சோதனையும் முடிந்துவிடுமா? எந்த வேகத்தில், எப்படி ஓட்ட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.