வேலைக்காக வந்திருக்கும் நாட்டிலேயே விசா போடலாமா, இந்தியாவுக்குப் போய்த்தான் போடணுமா? அவசரம்

லீட்ஸ்_கார்த்தி
வணக்கம். கம்பெனி வேலையாக வெளிநாட்டில் இருக்கிறேன், தற்காலிகம்தான். ஆகஸ்டில் டூர் போக பிளான். விசாவுக்கு இங்கேயே அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிட்டேன், அடுத்த வாரம் வருகிறது. இப்போது ஆபீசில் ஒருவர் "இந்திய பாஸ்போர்ட் என்றால் சென்னையில்தான் போடணும்" என்கிறார். செக்லிஸ்டில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். நான் கம்பெனி கொடுத்த அபார்ட்மென்டில் இருக்கிறேன், என் பேரில் கரன்ட் பில், வாடகை ஒப்பந்தம் எதுவும் இல்லை. என்ன செய்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்
உங்கள் நண்பர் சொல்வது சரி. பாஸ்போர்ட் எந்த நாடோ அந்த நாட்டில்தான் போடணும். என் மச்சானைத் துபாயிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். லீவு போட்டுச் சென்னை போய்விடுங்கள்.

வெங்கட்_1971
எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எந்த நாட்டுக்கு விசா, உங்களிடம் இருப்பது என்ன வகை விசா, அது என்றைக்கு முடிகிறது? இதில் ஒன்றுகூட எழுதவில்லை. இந்தப் பகுதியில் கேள்வி கேட்பதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் விதிமுறையைப் படிக்கச் சொல்லி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். விவரம் இல்லாமல் வருகிற பதில் எல்லாம் ஊகம்தான்.

தேன்மொழி_நியூஜெர்சி
அமெரிக்க விசா என்றால் கவனம். 2025 செப்டம்பரில் விதியை இறுக்கிவிட்டார்கள். சுற்றுலா, மாணவர், வேலை என எந்தத் தற்காலிக விசாவானாலும் குடியுரிமை உள்ள நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் போகவேண்டும். வசிக்கும் நாடு என்று சொன்னால் அங்கே வசிப்பதைக் காட்டவும் வேண்டும். அதற்கு முன்பு பலரும் காத்திருப்பு குறைவாக உள்ள நாட்டில் போய்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது இனி சிரமம்.

லீட்ஸ்_கார்த்தி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். அமெரிக்கா இல்லை, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா. பாரிஸ் போகிறேன், பிரான்ஸுக்குத்தான் அப்பாயின்ட்மென்ட்.

மணிமேகலை
கார்த்தி, கம்பெனிகளுக்கு விசா கோப்பு தயார் செய்வதுதான் என் வேலை. பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இங்கே கேள்வியே இல்லை. ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விசா சட்டம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சட்டப்படி எங்கே வசிக்கிறீர்களோ அங்கே இருக்கும் தூதரகம்தான் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கவேண்டும் என்கிறது அதன் 6-ஆவது விதி. லீட்ஸில் வேலை விசாவில் இருப்பவர் இங்கிலாந்தில் போடுவதுதான் முறை. சென்னைக்கு லீவில் போகிற சமயத்தில் போட்டால், ஏன் வசிக்கும் இடத்தில் போடவில்லை என்று நீங்கள்தான் காரணம் சொல்லவேண்டி வரும்.

சேலத்துக்காரன் சொன்ன மச்சான் துபாயில் விசிட் விசாவில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பது வேறு, வசிப்பது வேறு.

இன்னும் மூன்று விவரம் வேண்டும், கார்த்தி. முழுப் பயணத் திட்டம், நாடு நாடாக எத்தனை நாள்? உங்கள் யுகே விசா என்றைக்கு முடிகிறது? பாஸ்போர்ட்டை இடையில் புதுப்பித்தீர்களா?

சேலத்துக்காரன்
ஆமாம் அக்கா, மச்சான் விசிட்டில்தான் போயிருந்தான். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை.

அபிராமி_கி
இதே கேள்விதான் எனக்கும். அப்பா அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் என்னிடம் ரீடிங்கில் இருக்கிறார்கள். அப்படியே பாரிஸ் கூட்டிப்போக ஆசை. என் முகவரியைக் காட்டி இங்கே போடலாமா?

மணிமேகலை
அபிராமி, உங்கள் வீட்டில் தங்கியிருந்தாலும் அவர்கள் வசிப்பது இந்தியாவில்தான். விசிட்டர் விசா வைத்திருப்பவரைச் சொந்த நாட்டில் போடச் சொல்லித்தான் இங்குள்ள தூதரகங்கள் பெரும்பாலும் அனுப்புகின்றன. வசிக்காதவரின் விண்ணப்பத்தையும் தக்க காரணம் இருந்தால் பார்க்கலாம் என்று 6-ஆவது விதியிலேயே வழி இருக்கிறது. ஆனால் சுற்றிப் பார்க்க ஆசை என்பதை அவர்கள் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த முறை அவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அங்கேயே போட்டு வாங்கி வரட்டும்.

லீட்ஸ்_கார்த்தி
ஆகஸ்ட் 24 லண்டனிலிருந்து ரயிலில் பாரிஸ். 27 காலை அங்கிருந்து சுவிட்சர்லாந்து. செப்டம்பர் 3 ஜெனீவாவிலிருந்து மான்செஸ்டருக்கு விமானம். யுகே விசா அக்டோபர் 20 வரை. பாஸ்போர்ட் பிப்ரவரியில் புதுப்பித்தேன்.

மணிமேகலை
கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு இடத்தில் சிக்கல் இருக்கிறது.

முதலில் நாடு. பாரிஸில் இறங்குவதால் பிரான்ஸ் என்று எடுத்துவிட்டீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகம்தான் உங்களுக்கு. 27-ஆம் தேதியை இரண்டு பக்கமும் எண்ணினாலும் பிரான்ஸில் 4 நாள், சுவிஸில் 8 நாள். நாள் கணக்கு சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு பார்க்கப்படும். ஆகவே உங்களுக்கு லண்டனில் உள்ள சுவிஸ் தூதரகம். விசா மையம் மான்செஸ்டரில் இருக்கிறதா, லண்டனில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். மையம் தாளும் கைரேகையும் வாங்கி அனுப்பும், முடிவு தூதரகத்தில்தான்.

இரண்டாவதுதான் பெரியது. யுகே விசா ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும் என்று இங்குள்ள செக்லிஸ்டுகள் பெரும்பாலும் கேட்கின்றன. நீங்கள் வெளியேறுவது செப்டம்பர் 3, அப்படியானால் டிசம்பர் 3 வரை வேண்டும். உங்களுடையது அக்டோபர் 20-இல் முடிகிறது.

வெங்கட்_1971
திருத்தம். மூன்று மாதம் என்பது பாஸ்போர்ட்டுக்கு. 12-ஆவது விதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். குடியிருப்பு விசாவுக்கு அப்படி ஒரு வரி அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆளைத் தேவையில்லாமல் பயமுறுத்தவேண்டாம்.

மணிமேகலை
12-ஆவது விதி பாஸ்போர்ட் பற்றியது என்பது சரி சார். ஆனால் ஆள் பயணம் முடிந்து திரும்பிப் போவாரா என்று தூதரகம் எடைபோடவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அதற்காக இங்கே செக்லிஸ்டில் வைத்திருக்கும் நிபந்தனை இது. கவுன்டரில் செக்லிஸ்டை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்.

ரகு_மான்செஸ்டர்
ப்ரோ, ஏன் இவ்வளவு குழப்பம்? அப்பாயின்ட்மென்ட் கையில் இருக்கிறது. பாரிஸில் எட்டு நாள் கேன்சல் செய்யக்கூடிய ஹோட்டல் புக் பண்ணிக் காட்டுங்கள். விசா வந்ததும் கேன்சல் பண்ணிவிட்டு சுவிஸ் போங்கள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஷெங்கன் விசா ஒன்றுதானே, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

வெங்கட்_1971
இது மோசடி. இப்படி யோசனை சொல்பவர்களை நீக்கவேண்டும்.

ரகு_மான்செஸ்டர்
மோசடி என்று பெரிய வார்த்தை சொல்லாதீர்கள். விசா கிடைத்தபிறகு பிளான் மாறினால் குற்றமா?

தேன்மொழி_நியூஜெர்சி
மாறுவது வேறு, மாற்றுவதற்கென்றே பொய்த் திட்டம் கொடுப்பது வேறு.

மணிமேகலை
ரகு, உண்மையில் மாறினால் குற்றமில்லை. உடம்பு சரியில்லாமல் போகும், ரயில் ஓடாது, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பொய் சொல்லி வாங்கியது என்று நம்பப் போதுமான காரணம் இருந்தால் விசாவையே செல்லாததாக்க 34-ஆவது விதி இருக்கிறது. கார்த்தி போவது ரயிலில். பிரெஞ்சு போலீஸ் பாஸ்போர்ட் பார்ப்பது லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் ஸ்டேஷனிலேயே. எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் சுவிஸ் ஹோட்டலைத்தான் காட்டவேண்டியிருக்கும். வாரக் கணக்கில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் அலைகிறவர்கள் இந்த வழிக்குப் போவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தடவை செல்லாததாக்கினால் அடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது வந்து நிற்கும்.

தெரியாமல் தவறான தூதரகத்தில் கொடுத்தவருக்குச் சட்டம் இரக்கம் காட்டுகிறது. தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்தால் தூதரகம் தாள்களைத் திருப்பித் தந்து, விசா கட்டணமான 90 யூரோவையும் திருப்பி, எந்தத் தூதரகம் சரி என்று சொல்லவேண்டும். மையத்தின் சேவைக் கட்டணத்தைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை.

லீட்ஸ்_கார்த்தி
அப்போ யுகே விசாவை முதலில் நீட்டிக்கலாமா? கம்பெனி ஆறு மாதம் நீட்டிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, உறுதியில்லை.

மணிமேகலை
நீட்டிப்பு கையில் கிடைத்தபிறகு போட்டால் பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு வருவதற்கு முன் நீங்கள் ஐரோப்பா போனால், அந்த விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே பலருக்குத் தெரியாத குழி அது.

உறுதியில்லாத நீட்டிப்பை நம்பாமல் பயணத்தை முன்னால் தள்ள முடியுமா என்று பாருங்கள். அக்டோபர் 20-இலிருந்து மூன்று மாதம் பின்னால் வந்தால் ஜூலை 20. அதற்குள் ஷெங்கனை விட்டு வெளியே வந்துவிடும்படி தேதி வைத்தால் இந்தக் கேள்வியே எழாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். ஆகவே மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை
என்னுடன் வேலை செய்தவர் புராஜெக்ட் முடியும் சமயத்தில் போனார். யுகே விசா ஒரு மாதம்தான் பாக்கி. ஜெனீவாவிலிருந்து நேராகச் சென்னைக்கு டிக்கெட், கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் சேரும் கடிதம், இரண்டையும் வைத்தார். கிடைத்துவிட்டதே?

மணிமேகலை
கிடைத்திருக்கும். திரும்பிப் போகும் இடம் இந்தியா என்று தெளிவாகக் காட்டியிருக்கிறார். ஆனால் அது அதிகாரியின் கையில் இருக்கும் விஷயம், அதே மாதிரியான கோப்பு மறுக்கப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

லீட்ஸ்_கார்த்தி
முகவரிச் சான்று?

மணிமேகலை
கரன்ட் பில் இல்லாதவர் நீங்கள் மட்டுமில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட் இந்த அபார்ட்மென்ட் முகவரிக்கு வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். "இந்த முகவரியில் இன்ன தேதியிலிருந்து எங்கள் செலவில் தங்கியிருக்கிறார், பணி இன்ன தேதி வரை, இன்ன தேதிகளில் விடுப்பு" என்று அதில் இருக்கட்டும். கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் தாள் மூன்றிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் ஃப்ளாட் எண் விட்டுப்போனால் அதையே கேள்வியாக்குவார்கள்.

இப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது, ஈ-விசாதான். gov.uk தளத்தில் View and prove பக்கத்துக்குப் போய், உங்கள் விசாவை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எடுங்கள். வேலைக்கு எடுத்தால் W என்றும், வீட்டு வாடகைக்கு எடுத்தால் R என்றும் தொடங்கும். உங்களுக்கு வேண்டியது "வேறு காரணம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரும் S கோடு. 90 நாள் தாங்கும். பிப்ரவரியில் பாஸ்போர்ட் மாற்றியதால் உங்கள் ஈ-விசா கணக்கில் எந்த பாஸ்போர்ட் எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

லீட்ஸ்_கார்த்தி
பார்த்தேன் மேடம். பழைய பாஸ்போர்ட் எண்தான் இருந்தது. புதியதைப் பதிவு செய்துவிட்டேன், பரிசீலனையில் என்று காட்டுகிறது. பிரான்ஸ் அப்பாயின்ட்மென்டை ரத்து செய்தேன். சுவிஸுக்கு மே 12 கிடைத்தது. பயணம் ஜூலை 6 முதல் 16. ரொம்ப நன்றி.

அபிராமி_கி
மேடம், அம்மாவுக்கு பாரிஸில் சொந்த அக்கா இருக்கிறார், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்க முடியும். அது தக்க காரணம் ஆகுமா?

மணிமேகலை
அது வேறு கதை, அபிராமி. கடிதத்தோடு, இருவரும் சகோதரிகள் என்பதற்கான சான்றையும் சேர்த்து, அப்பாயின்ட்மென்ட் எடுக்கும் முன்பே தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள். எனக்கும் தெரியவேண்டும்.