புதுப்பிப்பு: பார்சல் லிங்க்கைத் தட்டிய பிறகு

பார்சலுக்குக் கட்டணம் கட்டச் சொல்லி வரும் போலி மெசேஜின் லிங்க்கைத் தட்டிய ஒருவர் கேட்டது:

"லிங்க்கைத் தட்டிட்டேன், ஆனா எதையும் டைப் பண்ணல. பணம் போயிடுமா?"

வெறும் தட்டலோடு நின்றிருந்தால் பெரும்பாலும் போகாது. பக்கத்தை மூடிவிட்டு, டவுன்லோட்ஸில் `.apk` என்று முடியும் செயலி ஃபைல் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. கார்டு எண்ணும் ஓடிபியும் கொடுத்திருந்தால் முதலில் கார்டை முடக்க வேண்டும். கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள், மெசேஜில் வந்த எண்ணை அல்ல.

இன்னொருவர் அந்தச் செயலியை நிறுவியே விட்டாராம். அது வேறு சங்கதி. எஸ்எம்எஸ் அனுமதி பெற்ற இப்படியான போலிச் செயலி, வரும் ஓடிபியை அப்படியே வெளியே அனுப்பிவிட முடியும். உடனே ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். பாஸ்வேர்டையும் அந்த வேறு போனில்தான் மாற்ற வேண்டும். செயலியை நீக்கும் பட்டன் மங்கலாக இருந்தால், செட்டிங்ஸில் அதன் டிவைஸ் அட்மின் அனுமதியை முதலில் எடுங்கள். ஃபேக்டரி ரீசெட்டும் தேவையா என்பதில் இங்கே ஒத்த கருத்து இல்லை. வங்கிச் செயலி உள்ள போனென்றால் செய்துவிடுங்கள் என்பேன்.

முகவரியில் ஏமாந்த இடம் இதுதான்:

```
https://mybank.com.parcel-fee.example/pay
```

`https://` தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் `parcel-fee.example`தான் உண்மையான தளம். `mybank.com` என்பதை யார் வேண்டுமானாலும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.