"பொதுமை இழக்காமல்"னு போட்டா போதுமா?

புதுக்கணக்கன்
ஒரு கணிதப் புத்தகத்த தமிழ்ல கொண்டு வந்துட்டு இருக்கேன். 'வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி' வர்ற இடத்துல "பொதுமை இழக்காமல்", 'இட் ஃபாலோஸ் தட்' வர்ற இடத்துல "இதிலிருந்து பின்தொடர்கிறது"ன்னு போட்டிருக்கேன். படிச்சு பாத்த ரெண்டு பேருமே அந்த இடங்கள்ல நின்னுட்டாங்க. வேற எப்படி எழுதலாம்?

சுழி
"பின்தொடர்கிறது"வ முதல்ல தூக்குங்க, யாரோ பின்னாடியே நடந்து வர்ற மாதிரி இருக்கு. "எனவே" இருக்கே, எல்லா இடத்துக்கும் அது போதும். ஆனா "பொதுமை இழக்காமல்" அப்படியே இருக்கட்டும். கலைச்சொல்லுன்னா ஒண்ணுக்கு ஒண்ணுதான் இருக்கணும், இடத்துக்கு இடம் மாத்தக் கூடாது. "தேற்றம்"ங்கற சொல்லக்கூட முதல் தடவ கேக்கறப்ப யாருக்கும் புரியாது, பத்து தடவ படிச்சா பழகிடும்.

நாற்கரம்
ரெண்டுலயும் எனக்கு ஒப்புதல் இல்ல சுழி. √2 விகிதமுறு எண் இல்லைங்கற நிரூபணத்தையே எடுத்துக்குவோம், எல்லாருக்கும் தெரிஞ்சது.

முதல் வரி: √2 விகிதமுறு எண்ணுன்னு வச்சுக்குவோம். ரெண்டாவது: √2 = p/q என்க. மூணாவது: p, q ரெண்டுக்கும் பொதுக் காரணி இல்லைன்னு கொள்ளலாம். இங்கிலீஷ்லயும் சரி அவசரமா பண்ணின மொழிபெயர்ப்புலயும் சரி மூணும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா மூணும் செய்யற வேலை வேற வேற. முதல் வரி பொய், கடைசில அத நாமளே உடைக்கப் போறோம். ரெண்டாவது வெறும் பேர் வைக்கறது. மூணாவதுதான் நீங்க கேட்ட "பொதுமை இழக்காமல்". அங்க எதையும் இழக்கலன்னு நமக்கு எப்படி தெரியும்? எந்தப் பின்னத்தையும் பொதுக் காரணிய அடிச்சு சுருக்கிடலாம், அதனாலதான். நம்ம மொழில இந்த மூணையும் "என வைத்துக்கொள்வோம்", "என்க", "எனக் கொள்ளலாம்"ன்னு தனித்தனியா சொல்ல வழி இருக்கு. "கொள்ளலாம்"ல இருக்கற அந்த "லாம்"தான் அனுமதி, அந்த அனுமதி எங்கேர்ந்து வந்ததுன்னு வரிக்கு முன்னாடியே எழுதிட்டா படிக்கறவன் நிக்க மாட்டான்.

"எனவே"க்கு வருவோம். அது ஒட்டி முன்னாடி இருக்கற வாக்கியத்தத்தான் காட்டும். p² = 2q², எனவே p² இரட்டை, இது சரி. அடுத்து "எனவே p இரட்டை"ன்னு போட்டா அதுக்கான காரணம் முந்தின வரில முழுசா இல்ல, ஒற்றை எண்ணோட வர்க்கமும் ஒற்றைதான்ங்கற தனி விஷயம் ஒண்ணு வேணும். கடைசில q-வும் இரட்டைன்னு வந்ததும் "எனவே முரண்பாடு"ன்னு முடிப்பாங்க பாருங்க, அது இன்னும் மோசம். q இரட்டையா இருக்கறதுல என்ன முரண்பாடு? பொதுக் காரணி இல்லைன்னு மேல கொண்டோமே, அதோடதான் முரண். அத சொல்லாம "எனவே" போட்டா படிக்கறவன் தப்பான வரிய திரும்பத் திரும்ப பாத்துட்டு உக்காந்திருப்பான்.

கரும்பலகை
பொதுமைன்னா எல்லாத்துக்கும் பொருந்தும்னுதானே அர்த்தம், அப்ப ஒரு கேஸ் போட்டு காட்டினா போதும், இதுல என்ன குழப்பம்னு நானும் ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். நான் கணக்கு சொல்லிக் கொடுக்கறவன். ஒரு பையன் எல்லா மிகை எண்களுக்கும் a²b + b²c + c²a ≥ ab² + bc² + ca²ன்னு நிரூபிச்சு எடுத்துட்டு வந்தான். "பொதுமை இழக்காமல் a ≥ b ≥ c எனக் கொள்வோம்"னு ஆரம்பிச்சு, இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கத்த கழிச்சு (a−b)(b−c)(a−c)ன்னு காரணிப்படுத்தி, மூணுமே எதிர்மறை இல்ல, எனவே நிறுவப்பட்டதுன்னு முடிச்சிருந்தான். ஒரு வரிலகூட கணக்கு தப்பில்ல. ஆனா a=1, b=2, c=3 போட்டா இடப்பக்கம் 23, வலப்பக்கம் 25! நானும் அவனும் ஒரு மணி நேரம் காரணிப்படுத்தினதையேதான் சரி பாத்துட்டு இருந்தோம்.

நாற்கரம்
கரும்பலகை சார், இதவிட நல்ல உதாரணம் எனக்கு கிடைக்காது. தப்பு முதல் வரிலயே இருக்கு. a, b, c மூணையும் எப்படி இடம் மாத்தினாலும் கோவை மாறாம இருந்தாதான் a ≥ b ≥ cன்னு கொள்ள முடியும், மொத்தம் 6 வரிசை, ஆறுக்கும் ஒரே நிரூபணம் ஓடும். இங்க a-வையும் b-யையும் மட்டும் இடம் மாத்திப் பாருங்க, ரெண்டு பக்கமும் அப்படியே தலைகீழாயிடும். a→b→c→aன்னு சுத்தி விட்டா மட்டும்தான் மாறாது. அதனால கிடைக்கிற அனுமதி "a தான் பெருசு" வரைக்கும்தான். அதுக்கு அப்புறம் b ≥ c ஒரு கேஸ், c ≥ b இன்னொரு கேஸ், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும், ரெண்டாவது கேஸ்ல கூற்றே உடையுது.

அந்தப் பையன் "இக்கோவை a, b, c மூன்றிலும் சமச்சீரானது, ஆகவே a ≥ b ≥ c எனக் கொள்ளலாம்"னு எழுத வேண்டி இருந்திருந்தா, சமச்சீர்னு எழுதறப்பவே கை நின்னிருக்கும். "பொதுமை இழக்காமல்"ங்கறது எதையும் கேக்காம உள்ள விட்டுடுச்சு.

சுழி
உதாரணம் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது பையன் பண்ணின தப்பு, சொல்லோட தப்பு இல்லயே. அதே தப்ப இங்கிலீஷ்லயும் தினமும் பண்றாங்க. மொழிபெயர்க்கறவர் வேலை நூலாசிரியர் எழுதினத கொண்டு வர்றது. அவர் காரணத்த வேணும்னே படிக்கறவனுக்கு விட்டு வச்சிருந்தா? நாம அத போட்டு உடைச்சா அது உரை எழுதறது, மொழிபெயர்ப்பு இல்ல. சில இடத்துல அந்தக் காரணத்த சொல்லவே அரைப் பக்கம் ஆகும், அத எங்க கொண்டு போய் வைப்பீங்க? இன்னொண்ணு, நாளைக்கு இதே ஆள் இங்கிலீஷ் கட்டுரை படிக்கறப்ப அந்தத் தொடர அடையாளம் கண்டுக்கணும், அதுக்கு நிலையான ஒரு தொடர் தமிழ்லயும் வேணும்.

"எனவே" விஷயத்துல உங்க பக்கம் வந்துட்டேன். ஆனா "பெறப்படும்"னு மாத்தச் சொல்லாதீங்க, மூணு வரி சமன்பாடு முடிஞ்சு கடைசில வினைச்சொல் வர்ற வரைக்கும் இது கொண்டதா நிறுவினதான்னே தெரியாது.

நாற்கரம்
அந்த வினைச்சொல் தொல்லை நிஜம்தான். நான் "(2), (5) இரண்டின்படி:"ன்னு முதல்ல எழுதிட்டு சமன்பாட்ட தனி வரில விட்டுடுவேன், வினையே வேண்டாம்.

உரை எழுதறதுன்னு சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. சரி, தொடர் இருக்கட்டும். "சமச்சீரால், பொதுமை இழக்காமல்..." "பின்னத்தைச் சுருக்கிவிடலாம் என்பதால், பொதுமை இழக்காமல்..."ன்னு ஒரு சொல்லோ ரெண்டு சொல்லோ முன்னாடி சேத்தா போதும், காரணத்த முன்னாடி வைக்கறது தமிழுக்கு இயல்பாவும் வரும். அரைப் பக்கம் வேணுங்கற இடத்துல அடிக்குறிப்பு. ஆனா அந்த ஒரு சொல் என்னன்னு மொழிபெயர்க்கறவருக்கே தெரியலன்னா அவர் அந்த வரிய இன்னும் படிச்சு முடிக்கலன்னுதான் நான் சொல்லுவேன்.

சுழி
அடிக்குறிப்புன்னா சரி. நூலாசிரியர் வரிக்குள்ள சேக்கறதுக்கு நான் இன்னமும் எதிர்தான்.

புதுக்கணக்கன்
நேத்து உக்காந்து இதுவரைக்கும் முடிச்ச பக்கங்கள்ல அந்தத் தொடர் வர்ற இடத்தையெல்லாம் தேடி எடுத்தேன், 11 இடம். ஏழுல சமச்சீர், மூணுல √2 மாதிரி சுருக்கறதோ அளவ மாத்தறதோ. பதினொண்ணாவதுதான் மாட்டுது: "பொதுமை இழக்காமல் f(0) = 0 எனக் கொள்வோம்". f-லேர்ந்து f(0)-ஐ கழிச்சுட்டா போதும்னுதான் ஆசிரியர் நினைச்சிருக்கணும், ஆனா தேற்றத்துல f(x+y) ≤ f(x) + f(y)ன்னு நிபந்தனை இருக்கு, கழிச்சதுக்கு அப்புறமும் அது நிக்குமா?

நாற்கரம்
g(x) = f(x) − f(0)ன்னு வச்சா நமக்கு கிடைக்கறது g(x+y) ≤ g(x) + g(y) + f(0). x = y = 0 போட்டா f(0) ≥ 0ன்னு வருது, அதனால அந்த f(0) வலப்பக்கத்துல மிச்சமா நிக்குது, அத சும்மா தள்ள முடியாது. நிபந்தனை தானா வரல. தேற்றம் கேக்கற முடிவுக்கு அந்த மிச்சம் பாதகமில்லாம இருக்கலாம், முழுக் கூற்றையும் போடுங்க பாப்போம்.